தலைப்பு இல்லாத கட்டுரை வினா

மகளுக்குக் கைபேசியில் வந்த வீட்டுப்பாடத்தில் "கீழ்க்காணும் தலைப்பில் கட்டுரை எழுதுக" என்று இருக்கிறது. கீழே தலைப்பே இல்லை. நாளை ஒப்படைக்க வேண்டும். நாங்களே ஒரு தலைப்பு வைத்து எழுதிவிடலாமா?

வேண்டாம். முதலில் அதே கோப்பைக் கணினியில் திறந்து பாருங்கள். கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் தலைப்பைக் கட்டம் போட்டு அதற்குள் தட்டச்சு செய்வது வழக்கம். கைபேசியின் முன்னோட்டத்தில் சில சமயம் அந்தக் கட்டம் வராது, சுற்றியுள்ள வரிகள் மட்டும் வரும். வரியை நகலெடுத்து அனுப்பினாலும் கட்டம் அங்கேயே தங்கிவிடும். கணினியிலும் வெற்றிடமாக இருந்தால் Ctrl+A அழுத்துங்கள். வெள்ளை எழுத்தில் ஏதாவது ஒளிந்திருந்தால் தெரிந்துவிடும். பிறகு வகுப்புத் தோழியின் பிரதியையும் பார்த்துவிடுங்கள்.

எங்கும் இல்லையென்றால் தயாரித்தவரே விட்டுவிட்டார் என்று அர்த்தம். பழைய தாளில் தலைப்பை அழித்துவிட்டுப் புதியதைப் போட மறப்பது அடிக்கடி நடக்கிறது. அச்சுக்கு அனுப்பும் முன் ஒருமுறை வாசித்தால் தீரும் விஷயம். அதைச் செய்யாமல், "ஏன் கேட்கவில்லை?" என்று மாணவியைக் கடிந்துகொள்வார்கள்.

தலைப்புக்குக் கீழே குறிப்புகள் இருக்கிறதே என்று ஊகிக்காதீர்கள். "முன்னுரை – நீரின் தேவை – வீணாகும் வழிகள் – நமது கடமை – முடிவுரை" என்று இருப்பதாக வையுங்கள். தலைப்பு "நீரின்றி அமையாது உலகு" என்றால் நீரின் அருமையை விரித்து எழுத வேண்டும். "நீர்ச் சிக்கனம்" என்றால் கட்டுரையின் பாதி கடமைக்கே போக வேண்டும். குறிப்பு ஒன்றுதான், மதிப்பெண் வேறாகிவிடும்.

அதனால் ஆசிரியருக்கு இன்றே இப்படி எழுதுங்கள்: "ஐயா, 4-ஆம் வினாவில் 'கட்டுரை எழுதுக' என்பதற்குப் பின் தலைப்பு இல்லை. குறிப்புகள் நீரைப் பற்றியவை. தலைப்பை அனுப்ப வேண்டுகிறேன்." வினா எண்ணும் அந்தப் பக்கத்தின் படமும் கட்டாயம் போக வேண்டும். "புரியவில்லை" என்று மட்டும் எழுதினால் "நன்றாகப் படித்துப் பார்" என்றுதான் பதில் வரும்.

காசுக்குக் கட்டுரை எழுதிக் கொடுப்பவர்களிடம் போய்விடாதீர்கள். தலைப்பில்லாத வினாவை அனுப்பிப் பாருங்கள், "என்ன தலைப்பு?" என்றுகூடக் கேட்காமல் பணத்தை வாங்கிக்கொள்வார்கள். வருவது எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற பொதுக் கட்டுரை. அதையே பத்துப் பேருக்கு விற்றிருப்பார்கள். திருத்துபவர் இரண்டாவது தாளிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

தேர்வறையில் இப்படி நேர்ந்தால் கதை வேறு. அங்கே காத்திருக்க முடியாது. தாள் கைக்கு வந்ததும் எல்லாப் பக்கத்தையும் புரட்டி, குறை தெரிந்த உடனே கண்காணிப்பாளரிடம் சொல்ல வேண்டும். கடைசி மணியில் சொல்லிப் பயனில்லை. அவர் விசாரித்து வரும்வரை மற்ற வினாக்களை எழுதலாம். பதில் வரவேயில்லை என்றால் மட்டும், குறிப்புகளுக்குப் பொருந்தும் தலைப்பொன்றை எழுதி, அதன் மேல் "வினாத்தாளில் தலைப்பு அச்சாகவில்லை, கண்காணிப்பாளரிடம் தெரிவித்தேன்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டுத் தொடங்கலாம். வினாத்தாளைத் திருப்பிக் கேட்காவிட்டால் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள்.