அடி இறங்கி ஒன்றுக்கு முழுதாகப் போகவில்லை என்றால், இங்கே என்ன பார்ப்பார்கள், ரிங் எப்படிப் போடுவார்கள்

"அக்கா, நான் தங்கச்சிமடம். இங்கிலாந்துக்கு கேர் ஹோம் வேலைக்கு வந்து நாலு மாசம் ஆகுது. வயசு 44, மூணு பிள்ளை, எல்லாம் சுகப்பிரசவம். சாயங்காலம் ஆனா கீழே சதை உருண்டையா இறங்குது, ஒண்ணுக்கு முழுசாப் போன மாதிரியே இல்லை. இங்கே எப்படிப் பார்ப்பாங்க, ஆம்பளை டாக்டர் வந்துடுவாரா, ரிங் போடுறாங்கன்னு சொல்றாங்களே அது என்ன?"

தங்கச்சி, நான் பாம்பன், சின்னப்பாலம். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. எனக்கு 51 வயதில் இதே தொந்தரவு வந்தது, ரிங் வைத்து ஆறு வருஷமாகிறது. அதனால் கேள்விப்பட்டதை அல்ல, பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள். மூத்திரப்பை பிறப்புறுப்பின் முன்சுவர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பிரசவம், பாரம் தூக்குவது, மாதவிடாய் நிற்கும் காலத்தில் சதை மெலிவது, தீராத இருமல், மலச்சிக்கல் என்று எல்லாம் சேர்ந்து அந்தச் சுவர் தொய்ந்துபோனால் பையும் கூடவே இறங்கும். ஆனால் சிறுநீர் வெளியே வரும் குழாய் மேலே பிடித்துக் கட்டியபடியே நிற்கும். பை குழாய்க்குக் கீழே தொங்கினால் நடுவில் மடிப்பு விழும். நம் ஊருக்குத் தண்ணீர் லாரி வரும்போது ட்யூப் எங்காவது மடங்கிவிட்டால் லாரி நிறையத் தண்ணீர் இருந்தும் குடத்தில் நூல் மாதிரி விழுமே, அதேதான். உட்கார்ந்தாலும் வர நேரமாகும், வந்தாலும் விட்டுவிட்டு வரும், எழுந்து பாவாடையைச் சரிசெய்வதற்குள் இன்னும் கொஞ்சம் வரும். இரவெல்லாம் படுத்திருந்தால் பை மேலே ஏறிக்கொள்வதால் காலையில் நன்றாகப் போகும், சாயங்காலம் மறுபடி மடங்கும். நீ சொல்கிற சாயங்காலக் கதை இதோடு பொருந்துகிறது.

இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்ல எல்லோருக்கும் கூச்சம். உருண்டையை விரலால் உள்ளே தள்ளிப் பிடித்தால்தான் ஒன்றுக்குப் போகிறதா? எனக்கு அப்படித்தான் இருந்தது, இரண்டு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததால் என்ன ஆயிற்று தெரியுமா, தங்கிப்போன சிறுநீரில் கிருமி வந்து ஒரே வருஷத்தில் மூன்று தடவை எரிச்சல், மூன்று தடவையும் ஆன்டிபயாடிக் மாத்திரை. நான் எரிச்சலை மட்டும் சொன்னேன், அவர்களும் எரிச்சலுக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள், கீழே என்ன இருக்கிறதென்று ஒருவரும் பார்க்கவில்லை. விரலால் தள்ளினால்தான் போகிறது என்ற அந்த ஒரு வரியைச் சொன்ன நாளில்தான் நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த வரியை நீ முதல் நாளே சொல்லிவிடு.

ஆண் டாக்டர் பற்றிக் கேட்டாயே. நீ பெயர் பதிந்திருக்கிற குடும்ப டாக்டரைத்தான் இங்கே ஜி.பி. என்பார்கள். அந்த ஜி.பி. ரிசப்ஷனுக்குப் போன் செய்யும்போதே பெண் டாக்டரோ நர்ஸோ வேண்டும் என்று கேள், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று சொல், அதற்குக் காசு கிடையாது. பரிசோதனையின்போது துணைக்கு ஒரு பெண் ஊழியரை நிற்கச் சொல்லலாம், அவருக்கு ஷாபரோன் என்று பெயர். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் நிறுத்தச் சொல்லலாம், நிறுத்திவிடுவார்கள். முடிந்தால் மதியத்துக்கு மேல் நேரம் கேள். காலை ஒன்பது மணிக்குப் போய்ப் படுத்தால் இறக்கம் பாதி உள்ளே போயிருக்கும், சின்னதுதான் என்று எழுதிவிடுவார்கள்.

என்னை எப்படிப் பார்த்தார்கள் என்று அப்படியே சொல்கிறேன். முதலில் டாய்லெட்டில் முடிந்த மட்டும் போய்விட்டு வரச் சொன்னார்கள், அதிலேயே கொஞ்சம் பிடித்துக் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். வந்தவுடன் அடிவயிற்றில் ஜெல் தடவி ஒரு சின்ன ஸ்கேன் கருவியை வைத்தார்கள். வலி கிடையாது, ஒரு நிமிஷம்கூட ஆகாது. போனபிறகும் பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அது காட்டும். எனக்கு 240 மில்லி இருந்தது, ஒரு பெரிய டம்ளர் நிறைய. நல்லபடியாக இருக்கிற பையில் கொஞ்சம்தான் மிஞ்சும், 100, 150 மில்லியைத் தாண்டினால் கவனிப்பார்கள். இந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள், பின்னால் எல்லாம் இதை வைத்துத்தான். போனவுடனே ஸ்கேன் எடுக்க வேண்டும், அரை மணி காக்கவைத்தால் புதுச் சிறுநீர் சேர்ந்து கணக்குத் தப்பிவிடும்.

அப்புறம் இடுப்புக்குக் கீழே மட்டும் உடையைக் கழற்றிவிட்டு, போர்வை மூடி, இடது பக்கமாக ஒருக்களித்து முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னார்கள். வளைந்த அகப்பை மாதிரி ஒரு கருவியால் பின்சுவரை மெதுவாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு இருமச் சொன்னார்கள், பிறகு முக்கச் சொன்னார்கள். அப்போதுதான் முன்சுவர் இறங்குகிறதா, கர்ப்பப்பை இறங்குகிறதா, பின்பக்கம் குடல் தள்ளுகிறதா என்று தனித்தனியாகத் தெரியும். பிறப்புறுப்பின் வாய்ப்பகுதியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் வெளியே வருகிறது என்பதை வைத்து நிலை சொல்வார்கள். எனக்கு முன்சுவர் இரண்டு சென்டிமீட்டர் வெளியே, மூன்றாம் நிலை. படுத்தால் சரியாகத் தெரியவில்லை என்றால் நிற்க வைத்தும் பார்ப்பார்கள். நீயே நிற்கவா என்று கேட்கலாம்.

மிச்சம் நிற்பதற்கு எல்லா நேரமும் மடிப்பு மட்டுமே காரணம் இல்லை. சர்க்கரை வியாதி பல வருஷம் இருந்தால் பைக்கு நிரம்பிய உணர்வே மங்கிப்போகும், தண்டுவட நரம்புத் தொந்தரவாலும் சில மாத்திரைகளாலும்கூடப் பை சரியாகச் சுருங்காது. உனக்குச் சர்க்கரை இருந்தால், கால் மரத்துப்போனால், மறக்காமல் சொல். மடிப்புதானா என்று கண்டுபிடிக்க நல்ல வழி, இறக்கத்தை மேலே தாங்கிப் பிடித்துவிட்டு மிச்சம் குறைகிறதா என்று பார்ப்பது. ரிங் அந்த வேலையைச் செய்கிறது. வைத்தியமும் அதுவே, சோதனையும் அதுவே.

பெஸரி என்பதுதான் அதன் பெயர். உள்ளே வைத்து, தொய்ந்த சுவரைத் தாங்கும் பொருள். முதலில் வளையம் வைத்துப் பார்ப்பார்கள், வளையல் மாதிரி இருக்கும், அழுத்தினால் மடியும். அது நிற்காவிட்டால் கெல்ஹார்ன் என்று தட்டும் காம்புமாக ஒன்று இருக்கிறது, கன சதுரமாக ஒன்றும் உண்டு. கெல்ஹார்ன் இருக்கும்போது தாம்பத்தியம் முடியாது, வளையம் என்றால் பெரும்பாலும் முடியும், தேவையானால் எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். கணவர் பிறகு வந்து சேரப்போகிறார் என்றால் வெட்கப்படாமல் இதைச் சொல், தேர்வே அதனால் மாறும்.

அளவை நர்ஸ் விரலால் உள்ளே பார்த்து மதிப்பிடுகிறாள், சரியான எண் முதல் தடவையே கிடைக்க வேண்டும் என்றில்லை. எனக்கு 68 மில்லிமீட்டர் வளையம் வைத்தார்கள், இரண்டாம் நாள் மலம் கழிக்க முக்கியபோது விழுந்துவிட்டது. அழுதேன், எனக்கு இது ஒத்துவராது என்று முடிவே கட்டினேன். அது சாதாரணம் என்று சொல்லி 74 வைத்தார்கள், அது நின்றது. அளவு பெரிதானால் அழுத்தும், வலிக்கும், ஒன்றுக்கு அடைக்கும், சிறிதானால் விழும். சரியான அளவு என்றால் உள்ளே இருப்பதே தெரியாது.

ரிங் வைத்தவுடன் வீட்டுக்கு ஓடிவராதே. என்னை வராந்தாவில் நடக்க வைத்தார்கள், குந்தி எழச் சொன்னார்கள், இருமச் சொன்னார்கள், இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லி ஒன்றுக்குப் போய்விட்டு வா என்றார்கள். ஒன்றுக்குப் போகாமல் கிளம்பக் கூடாது. போய் வந்தபின் திரும்ப ஸ்கேன்: 40 மில்லி. 240 எங்கே, 40 எங்கே. அன்றைக்கு விரல் வைக்காமல் போனேன். குறையவே இல்லை என்றால் பை சுருங்குவதில் கோளாறு என்று வேறு பக்கம் தேடுவார்கள், தேவைப்பட்டால் மெல்லிய குழாய் போட்டு நீயே காலி செய்யவும் சொல்லித் தருவார்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று எனக்கு நடந்தது. ரிங் வைத்த வாரமே இருமினால், சிரித்தால் ஒன்றுக்கு ஒழுக ஆரம்பித்தது. மடிப்பு இருந்த வரை அதுவே அடைப்பு மாதிரி கசிவைத் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறது, நிமிர்ந்ததும் அடியில் இருந்த பலவீனம் தெரிந்தது. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்த அடிச்சதைப் பயிற்சியை நாலு மாசம் விடாமல் செய்தேன், பெரிதும் குறைந்தது.

எனக்கு மாதவிடாய் நின்று உட்சதை வறண்டிருந்ததால் ஈஸ்ட்ரோஜன் கிரீமும் கொடுத்தார்கள், முதல் இரண்டு வாரம் தினமும் இரவு, பிறகு வாரம் இரண்டு முறை. வறண்ட சுவரில் ரிங் உரசினால் புண்ணாகும். உனக்கு 44தானே, தேவையா என்று அவர்கள் சொல்வார்கள்.

ஆறு மாசத்துக்கு ஒரு முறை ரிங்கை எடுத்து, சுவரில் புண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிலிக்கான் வளையம் என்றால் நீயே எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவி வைக்கக் கற்றுக்கொள்ளலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். நாற்றமில்லாத வெள்ளைப்பாடு கொஞ்சம் வரும், அது பரவாயில்லை. ரத்தம், கெட்ட நாற்றம், வலி என்றால் நாள் கடத்தாமல் போன் செய். ஒன்றுக்கு வரவே இல்லை, அடிவயிறு உப்பி வலிக்கிறது என்றாலோ, காய்ச்சலோடு விலாவுக்குக் கீழே வலித்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போ, ரிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஊருக்கு லீவில் போகும்போது என்ன வகை, எத்தனை மில்லிமீட்டர், எந்தத் தேதியில் வைத்தது என்று எழுதி வாங்கி பாஸ்போர்ட்டோடு வை. மறந்துபோய் வருஷக்கணக்கில் உள்ளேயே கிடந்த ரிங் சுவரை அரித்து மூத்திரப்பை வரை ஓட்டை போட்ட கதைகள் உண்டு.

என் அம்மா பாசி எடுக்கப் போய் ஈர மூட்டையைத் தலையில் ஏற்றியவள். கடலுக்குப் போகிற நாளில் விடியற்காலையில் பழைய சேலையைக் கிழித்துக் கோவணமாக இறுக்கிக் கட்டுவாள், திரும்பும்வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க மாட்டாள். எதற்கென்று எனக்கு அப்போது தெரியாது. நீயும் டியூட்டியில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டிருப்பாய் என்று நினைக்கிறேன். குறைக்காதே, தங்கிய சிறுநீர் இன்னும் கெட்டியாகும். உட்கார்ந்து போய்விட்டு, எழுந்து ஒரு நிமிஷம் நின்று, மறுபடி முன்னால் சாய்ந்து உட்கார்ந்து போய்ப் பார். ஆட்களைத் தூக்க ஹாய்ஸ்ட் இருந்தால் கையால் தூக்காதே, மேனேஜர் அவசரப்படுத்தினாலும் சரி.

திங்கட்கிழமை காலை ரிசப்ஷன் திறந்தவுடன் போன் செய். அடி இறங்குவதற்கு இங்கே ப்ரோலாப்ஸ் என்று பெயர். "ப்ரோலாப்ஸ், ப்ளாடர் நாட் எம்ப்டியிங், லேடி டாக்டர் ப்ளீஸ், தமிழ் இன்டர்ப்ரெட்டர்" என்று இவ்வளவு சொன்னால் போதும், மீதியை அவர்கள் கேட்பார்கள். ஸ்கேனில் எத்தனை மில்லி என்று வந்ததும் எனக்கு எழுது.