தொண்டை வலியோடு வரும் காது வலி: கோளாறு காதிலா, தொண்டையிலா?

"என் மகளுக்கு 5 வயது, எடை 18 கிலோ. 2 நாளாகக் காய்ச்சல், தொண்டை வலி. நேற்று மாலையிலிருந்து வலது காதும் வலிக்கிறது என்கிறாள். எச்சில் விழுங்கும்போதெல்லாம் காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். சளி, இருமல் எதுவும் இல்லை. போன வருடம் வாங்கிய காது சொட்டு மருந்து பாதி இருக்கிறது. அதை விடலாமா? ஆன்டிபயாட்டிக் தேவைப்படுமா?"

சொட்டு மருந்தை விட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், வலி தொண்டையில் பிறந்து காதில் உணரப்படுகிறது என்றே நினைக்கிறேன். நேரில் பார்க்காமல் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் இன்றோ நாளையோ ஒரு மருத்துவர் அவள் காது, தொண்டை இரண்டையும் பார்க்க வேண்டும். அதுவரை வலியைக் குறைப்பதுதான் உங்கள் வேலை.

தொண்டை புண்ணானால் காது ஏன் வலிக்கிறது? மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் ஒன்பதாவது நரம்பு டான்சில், நாக்கின் அடிப்பகுதி, தொண்டையின் பின்சுவர் ஆகியவற்றின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்கிறது. இதே நரம்பின் ஒரு சிறு கிளை நடுக்காதின் உட்படலத்துக்கும் போகிறது. இரண்டு இடத்துச் செய்தியும் ஒரே வழியாக வந்து சேர்வதால், வீங்கிய டான்சிலின் வலியை மூளை காதின் வலியாகவும் எடுத்துக்கொள்கிறது. குழந்தை கற்பனை செய்யவில்லை, காது உண்மையாகவே வலிக்கிறது. காதில் நோய் இல்லை, அவ்வளவுதான். டான்சில் அறுவை சிகிச்சை முடிந்த குழந்தைகள் பலர் சில நாட்களில் காது வலிக்கிறது என்று அழுவதற்கும் இதுவே காரணம்.

நடுக்காதுத் தொற்று வரும் வழி வேறு. மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் என்ற மெல்லிய காற்றுப்பாதை, சிறு குழந்தைகளுக்குக் குட்டையாகவும் அதிகச் சாய்வில்லாமலும் இருக்கும். சளி பிடித்தால் அதன் சுவர் வீங்கி அடைத்துக்கொள்ளும். நடுக்காதில் நீர் தேங்கும், அதில் கிருமி பெருகும், சீழ் சேர்ந்து செவிப்பறையை உள்ளிருந்து வெளியே தள்ளும். அந்த அழுத்தம்தான் வலி. 6 மாதம் முதல் 2 வயது வரையான பருவத்தில் இது மிக அதிகம். 5 வயதில் குறைவு என்றாலும் வராமல் இல்லை.

வழி வேறாக இருப்பதால், வலி தொடங்கும் விதமும் நடந்துகொள்ளும் விதமும் வேறாகவே இருக்கும். வீட்டில் கவனிக்க வேண்டியதில் முதலாவது, எது முன்னால் வந்தது என்பது. நடுக்காதுத் தொற்றில் பெரும்பாலும் சில நாள் மூக்கொழுகலும் மூக்கடைப்பும் இருந்திருக்கும். பிறகு ஒரு ராத்திரி குழந்தை திடீரென்று வீறிட்டு எழும், காய்ச்சலும் புதிதாக ஏறும். தொண்டையிலிருந்து வரும் வலியில் தொண்டைதான் முதலில் வலிக்கும், அது கூடக் கூடக் காதும் சேர்ந்துகொள்ளும். உங்கள் மகளுக்குச் சளியே இல்லை, தொண்டை வலி முந்திக்கொண்டது. என் ஊகம் தொண்டைப் பக்கம் சாய்வதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

இரண்டாவது, விழுங்கும்போது வரும் வலி. இதில் பெற்றோர் எளிதில் குழம்புவார்கள். விழுங்கினால் காது வலிக்கிறது என்றாலே தொண்டைதான் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. விழுங்கும்போது யூஸ்டேஷியன் குழாய் திறக்க முயல்வதால், சீழ் கட்டிய காதிலும் அந்த நொடி சுருக்கென்று வலிக்கலாம். கவனிக்க வேண்டியது இரண்டு விழுங்கல்களுக்கு நடுவே உள்ள நேரத்தை. அவளை விளையாட்டிலோ கதையிலோ கொஞ்ச நேரம் ஈடுபடுத்துங்கள். எச்சில் விழுங்காத இடைவெளியில் காதை மறந்துவிட்டு, விழுங்கும்போது மட்டும் முகம் சுளிக்கிறாள் என்றால் தொண்டைதான். விழுங்கினாலும் விழுங்காவிட்டாலும் வலி ஒரே சீராக இருந்து, படுத்தால் இன்னும் கூடினால், நடுக்காதைச் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது, காது கேட்பது. அவள் பின்னால் நின்று, உதட்டைப் பார்க்க முடியாதபடி, அவளுக்குப் பிடித்த சொற்களை மெல்லக் கிசுகிசுத்துத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நல்ல காதை விரலால் மூடியபடியும் ஒருமுறை செய்து பாருங்கள். வலிக்கும் காதில் மட்டும் கேட்கவில்லை என்றாலோ, காது அடைத்தமாதிரி இருக்கிறது என்று அவளே சொன்னாலோ, அங்கே நீர் தேங்கியிருக்கலாம். தொண்டை வலி மட்டும் இருந்தால் கேட்கும் திறன் குறையாது.

கடைசியாக, காது துவாரத்துக்கு முன்னால் உள்ள சிறு குருத்தெலும்பு மேட்டை மெல்ல அழுத்துங்கள். காது மடலையும் லேசாக இழுத்துப் பாருங்கள். அதற்கே துடித்தால், இது நாம் பேசும் இரண்டுமே அல்ல. வெளிக்காதுப் பாதையில் புண் அல்லது தொற்று இருக்கிறது. சொட்டு மருந்து பலன் தருவது பெரும்பாலும் அங்கேதான், அதையும் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

பேசத் தெரியாத குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காதை இழுத்துக்கொள்வது மட்டும் தொற்றுக்கு அடையாளம் அல்ல. பல் முளைக்கும்போதும் தூக்கம் வரும்போதும் குழந்தைகள் காதை இழுப்பார்கள். காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, படுக்க வைத்தால் அழுவது இவற்றோடு சேர்ந்து வந்தால்தான் அது பொருட்படுத்த வேண்டியதாகிறது.

வலி மருந்து கொடுத்ததும் சரியாகிவிட்டது, அதனால் இது தொண்டை வலிதான் என்று சிலர் எண்ணுகிறார்கள். பாராசிட்டமால் இரண்டு வலியையும் குறைக்கும். அது பலன் தருவதை வைத்துக் காரணத்தைச் சொல்ல முடியாது. ஆனால் காரணம் தெரியும்வரை அதைத் தள்ளிப்போடவும் வேண்டாம், குழந்தை வலியோடு காத்திருக்கத் தேவையில்லை. ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 18 கிலோவுக்கு அது 270 மில்லிகிராம். உங்களிடம் இருக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் 5 மில்லி கொடுங்கள். 5 மில்லிக்கு 125 என்றிருந்தால் 10 மில்லி. புட்டியில் உள்ள எண்ணைப் படிக்காமல், போன முறை கொடுத்த அளவை நினைவில் வைத்துக் கொடுப்பதில்தான் தவறு நேர்கிறது. இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் 6 மணி நேரம் இடைவெளி விடுங்கள். 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். வேறு எந்தக் காய்ச்சல் மருந்திலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் மட்டும் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. மருந்து கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்து, குளிர்ந்ததோ வெதுவெதுப்பானதோ அவள் ஏற்கும் எதையாவது குடிக்கக் கொடுத்தால் விழுங்குவது எளிதாக இருக்கும்.

பழைய சொட்டு மருந்தை வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். வலி தொண்டையிலிருந்து வந்தால் காதில் ஊற்றுவது எதுவும் அங்கே போய்ச் சேராது. நடுக்காதில் சீழ் இருந்தால், ஓட்டையில்லாத செவிப்பறையைத் தாண்டிச் சொட்டிலுள்ள ஆன்டிபயாட்டிக் உள்ளே போகாது. செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தாலோ, சில வகைச் சொட்டு மருந்துகள் உட்காதைக் கெடுக்கக் கூடியவை. எண்ணெயும் இப்படித்தான். போதாததற்கு, மருத்துவர் பார்க்க வேண்டிய செவிப்பறையை அது மறைத்துவிடும்.

அந்தச் செவிப்பறைதான் தீர்ப்புச் சொல்லும். மருத்துவர் விளக்குள்ள கருவியால் பார்க்கும்போது, நல்ல செவிப்பறை முத்துச் சிப்பியின் உட்புறம்போல் சாம்பல் நிறத்தில் மினுங்கும். தொற்றில் அது வெளிப்பக்கம் உப்பி, மினுமினுப்பிழந்து, பின்னால் மஞ்சளாகத் தெரியும். சிவப்பாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. காய்ச்சலிலும் அழும்போதும் நல்ல செவிப்பறையே சிவந்துவிடும். அதனால் "காது கொஞ்சம் சிவந்திருக்கிறது" என்று ஆன்டிபயாட்டிக் எழுதினால், "உப்பியிருக்கிறதா, பின்னால் நீர் தெரிகிறதா?" என்று தயங்காமல் கேளுங்கள். மாறாக, "காது நன்றாக இருக்கிறது" என்று அவர் சொன்னால் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வலி எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதுவே பதில்.

ஆன்டிபயாட்டிக் தேவையா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. காது நன்றாக இருந்தால் காது வலிக்காக அது தேவையில்லை, தொண்டைக்குத் தேவையா என்று மட்டும் பார்க்க வேண்டும். பெரும்பாலான தொண்டை வலிகள் வைரஸால் வருபவை. அவற்றோடு மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல் இருக்கும். உங்கள் மகளுக்கு இவை இல்லாமல் காய்ச்சல் மட்டும் இருப்பதால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவையும் நினைக்க வேண்டியிருக்கிறது. டான்சிலில் வெள்ளைப் படிவும், கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கும் நெறிக்கட்டும் இருந்தால் சந்தேகம் வலுக்கும். தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துச் சோதித்து உறுதிசெய்யலாம். அதுதான் என்று தெரிந்தால் பென்சிலின் அல்லது அமாக்சிசிலின், பொதுவாக 10 நாள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், ஆனால் நிறுத்தக் கூடாது. இந்தத் தொற்றைத் தொடர்ந்து சில குழந்தைகளுக்கு வரக்கூடிய முடக்குக் காய்ச்சல் இதயத்தைத் தொடாமல் தடுப்பதற்காகத்தான் அந்த 10 நாள்.

ஒருவேளை செவிப்பறை உப்பியிருந்தாலும், 2 வயதைக் கடந்த குழந்தைக்கு, ஒரு காதில் மட்டும், வலி கடுமையாக இல்லாமல், காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால், வலி மருந்து மட்டும் கொடுத்து 48 முதல் 72 மணி நேரம் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லலாம். பல காதுகள் அதற்குள் தாமாகவே தேறிவிடும். தேறாவிட்டால் மருந்து தொடங்குவார்கள். திடீரென்று வலி குறைந்து காதிலிருந்து சீழ் வடிந்தால் செவிப்பறையில் சிறு ஓட்டை விழுந்திருக்கும். பதற வேண்டாம், பெரும்பாலும் அது தானாக மூடிக்கொள்ளும். ஆனால் அன்றே காட்டுங்கள், தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில அறிகுறிகள் தெரிந்தால் மட்டும் முன்பதிவுக்கோ விடியலுக்கோ காத்திருக்கக் கூடாது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயில் வழிவது, வாயைத் திறக்க முடியாமல் போவது, குரல் வாய்க்குள் எதையோ வைத்துப் பேசுவதுபோல் மாறுவது, இவற்றோடு ஒரு பக்கக் காது மட்டும் வலித்தால் டான்சிலுக்குப் பின்னால் சீழ் கட்டியிருக்கலாம். காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு சிவந்து வீங்கி, காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றால் தொற்று அந்த எலும்புக்குள் போயிருக்கலாம். முகம் ஒரு பக்கமாகக் கோணுவது, கழுத்து விறைப்பது, எழுப்பினாலும் மயங்கிக் கிடப்பது, மூச்சில் கரகரவென்று சத்தம் வருவது ஆகியவையும் இப்படித்தான். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.