ஜூலைச் செலவை மட்டும் தனியாகக் கூட்டுவது எப்படி?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து ஆயில் மில்லில் வேலை செய்கிறேன். ஜனவரியிலிருந்து நானும் மனைவியும் வீட்டுச் செலவைக் கூகள் ஷீட்டில் எழுதி வருகிறோம். சாமான், கேஸ், டியூஷன், பெட்ரோல் என்று வகை போட்டு SUMIF-இல் கூட்டத் தெரியும். ஆனால் அது ஜனவரியிலிருந்து எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறது. ஜூலையில் சாமானுக்கு மட்டும் எவ்வளவு என்று பார்ப்பது எப்படி? மாதத்துக்கு ஒரு ஷீட் போடு என்கிறார் மைத்துனர். சம்பளம் 7ஆம் தேதி வருகிறது. சாமானை 400 வெள்ளிக்குள் நிறுத்தத்தான் பார்க்கிறோம். ஆனாலும் 4, 5ஆம் தேதிக்கே கை வறண்டுவிடுகிறது.

பதில்: மைத்துனர் சொல்வது போலச் செய்தால் வருடக் கடைசியில் பன்னிரண்டு ஷீட் இருக்கும். சாமான் செலவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க அத்தனையையும் திறந்து மூட வேண்டும். எழுதுவதை ஒரே ஷீட்டில் எழுதுங்கள், பிரிப்பதைக் கூட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் ஷீட்டில் A தேதி, B வகை, C தொகை என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் E3-இலிருந்து கீழே வகைகளை எழுதுங்கள். F1-இல் உங்களுக்கு வேண்டிய மாதத்தின் முதல் தேதியை, அதாவது 01/07/2025 என்று போடுங்கள். F3-இல் இது:

```
=SUMIFS($C:$C,$B:$B,$E3,$A:$A,">="&F$1,$A:$A,"<"&EDATE(F$1,1))
```

C-யைக் கூட்டு, ஆனால் வகை E3-இல் இருப்பதாகவும், தேதி ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகாகவும், ஆகஸ்டு 1-க்கு முன்னாலும் இருந்தால் மட்டும். அவ்வளவுதான் இதன் பொருள். EDATE(F1,1) என்பது F1-க்கு ஒரு மாதம் கழித்து வரும் தேதி. உங்களுக்குப் பழகிய SUMIF-இல் கூட்ட வேண்டிய பத்தி கடைசியில் வரும், SUMIFS-இல் அது முதலில் வர வேண்டும். இன்னொன்று, ">=" மட்டும்தான் மேற்கோள் குறிக்குள். ">=F1" என்று முழுவதையும் உள்ளே போட்டால் ஷீட் F1 கட்டத்தைப் பார்க்காது, 0 என்று காட்டும்.

G1-இல் =EDATE(F1,1) என்று போட்டு அதைப் பக்கத்தில் இழுங்கள், F3-ஐக் கீழேயும் பக்கத்திலும் இழுத்துவிடுங்கள். ஆகஸ்டு, செப்டம்பர் என்று அடுத்தடுத்த மாதங்கள் வரிசையாக வந்துவிடும்.

MONTH(A2)=7 என்று சோதித்துக் கூட்டும் வழியும் உண்டு, ஆனால் நான் அதைச் சொல்வதில்லை. அடுத்த வருடமும் இதே ஷீட்டில் எழுதினால் இரண்டு ஜூலையும் ஒன்றாகக் கூடிவிடும். தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று என்று இரண்டு எல்லை வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. முடிவு எல்லையை "31 வரை" என்று வைக்காமல் "ஆகஸ்டு 1-க்கு முன்" என்று வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. நாளைக்கே போனில் கூகள் ஃபார்ம் வைத்து எழுத ஆரம்பித்தால் தேதியோடு நேரமும் பதிவாகும். 31ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பாசார் மாலத்தில் வாங்கியது, ஷீட்டின் கணக்கில் 31-ஐ விடப் பெரிய எண். "31 வரை" என்றால் அது விடுபட்டுப்போகும்.

இப்போது ஒரு சின்ன மாதிரி. ஆறே வரி:

```
28/06/2025  சாமான்   84.50
05/07/2025  சாமான்  212.40
05/07/2025  கேஸ்     26.60
13/07/2025  சாமான்   96.30
31/07/2025  சாமான்   58.00
03/08/2025  சாமான்  248.20
```

ஜூலைக்குச் சாமான் 212.40 + 96.30 + 58.00, மொத்தம் 366.70 வெள்ளி வர வேண்டும். இந்த ஆறு வரியையும் புது ஷீட்டில் அடித்துப் பாருங்கள். வேறு தொகை வந்தால், முக்கியமாக 0 வந்தால், சூத்திரத்தைத் திருத்தப் போகாதீர்கள். கோளாறு அநேகமாகத் தேதியில் இருக்கும்.

பலரையும் சுற்றலில் விடுவது இதுதான். ஷீட்டின் அமைப்பு அமெரிக்காவுக்கு இருந்தால் அது மாதத்தை முதலில் படிக்கும். நீங்கள் ஜூலை 5 என்று நினைத்து 05/07/2025 அடித்தால், அது மே 7 என்று வைத்துக்கொள்ளும். 13/07/2025 அடித்தால் பதின்மூன்றாவது மாதம் ஏது? அதனால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துவிடும். SUMIFS-க்கு எழுத்தாக நிற்கும் தேதி கண்ணில் படாது. ஆக, 12-க்கு மேற்பட்ட நாள்கள் காணாமல் போகும், 12 வரையுள்ள நாள்கள் வேறு மாதத்தில் போய் உட்காரும். மே 7ஆம் தேதி வாங்கிய அரிசி ஜூலைக் கணக்கில் வரும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் மோசம், ஏதோ ஒரு தொகை வந்துகொண்டே இருக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். A பத்தியை நீங்கள் நடுவாகவோ ஓரமாகவோ மாற்றி வைக்காத வரையில், உண்மையான தேதி கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்தாகக் கிடப்பது இடது ஓரத்தில் நிற்கும். இரண்டும் கலந்து தெரிந்தால் இதே நோய்தான். File மெனுவில் Settings போய், Locale என்ற இடத்தில் United Kingdom தேர்ந்தெடுங்கள். நாம் எழுதும் நாள், மாதம், ஆண்டு வரிசை அதில் சரியாக வரும். ஆனால் இனிமேல் எழுதுவதைத்தான் அது சரியாகப் படிக்கும், ஏற்கெனவே புரண்டுபோன தேதிகள் அப்படியேதான் இருக்கும். F1-இல் உள்ள தேதியை மறுபடி அடியுங்கள். A பத்தியில் உள்ளவற்றுக்கு ஒரு காலிப் பத்தியில் இதைப் போட்டு இழுங்கள்:

```
=IF(ISTEXT(A2),DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)),DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)))
```

எழுத்தாகக் கிடப்பதை இது தேதியாக்கும், புரண்டதை நிமிர்த்தும். அப்புறம் அந்தப் பத்தியை நகலெடுத்து, Paste special-இல் Values only மூலம் A-யின் மேல் ஒட்டுங்கள். தேதிக்குப் பதிலாக 45,000-ஐத் தாண்டிய ஏதோ எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம், Format மெனுவில் Number, Date என்று மாற்றினால் சரியாகிவிடும். அமைப்பை மாற்றும் முன் அடித்த வரிகளுக்கு மட்டும், அதுவும் ஒரே ஒரு முறை. இரண்டாம் முறை ஓட்டினால் நிமிர்ந்தது மறுபடி புரளும். நாள், மாதம் இரண்டையும் 05, 07 என்று ஈரிலக்கமாக அடித்திருந்தால்தான் எழுத்துப் பகுதி சரியாக வரும் என்பதையும் கவனியுங்கள்.

சரி, தேதி சீராகிவிட்டது. கூட்டுத்தொகையை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள, வகைகளுக்குக் கீழே ஒரு சரிபார்ப்பு வரி வையுங்கள். வகைகள் F3 முதல் F9 வரை இருந்தால்:

```
=SUMIFS($C:$C,$A:$A,">="&F$1,$A:$A,"<"&EDATE(F$1,1))-SUM(F3:F9)
```

வகை பார்க்காமல் அந்த மாதத்தின் மொத்தத்திலிருந்து, வகைகளின் கூட்டுத்தொகையைக் கழிக்கிறது. 0 வர வேண்டும். 58.00 என்று வந்தால் 58 வெள்ளி எந்த வகையிலும் சேராமல் நிற்கிறது. பெரும்பாலும் மனைவி "சாமான்கள்" என்று எழுதியிருப்பார், அல்லது போன் விசைப்பலகை "சாமான்" என்ற சொல்லுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியைச் சேர்த்திருக்கும். B பத்திக்கு Data மெனுவில் Data validation வைத்து, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்துவிட்டால் இந்தப் பஞ்சாயத்தே வராது. ஆனால் எழுத்தாகக் கிடக்கும் தேதியை இந்த வரி பிடிக்காது, ஏனென்றால் இரண்டு பக்கமும் அது விடுபட்டிருக்கும். அதற்குத் தனியாக:

```
=SUMPRODUCT(--ISTEXT(A2:A1000))
```

இதுவும் 0 காட்ட வேண்டும்.

இனி, 5ஆம் தேதிக்குக் கை ஏன் வறள்கிறது என்பதைப் பார்ப்போம். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரு சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் தர வேண்டும். அதனால்தான் உங்களைப் போலப் பலருக்கும் ஜூலைச் சம்பளம் ஆகஸ்டு 7 வாக்கில் கைக்கு வருகிறது. ஜூலை 7 அன்று வந்த காசு, ஆகஸ்டு 6 வரை ஓட வேண்டும். நாள்காட்டியின் ஜூலைக்கும் உங்கள் பணத்தின் மாதத்துக்கும் சம்பந்தம் இல்லை.

F1-இல் 01/07/2025-ஐ எடுத்துவிட்டு 07/07/2025 போடுங்கள். சூத்திரத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம், EDATE தானாக ஆகஸ்டு 7-ஐ எல்லையாக வைத்துக்கொள்ளும். இப்போது அதே மாதிரியில் சாமான் 96.30 + 58.00 + 248.20, மொத்தம் 402.50 வெள்ளி. நாள்காட்டிப்படி 366.70, 400-க்குள் அடக்கம். சம்பளப்படி வரம்பைத் தாண்டிவிட்டது. தாண்டியது ஆகஸ்டு 3ஆம் தேதி, கடைசி வாரத்தில், ஒரே தடவையில் வாங்கிய பெரிய சாமான். உங்கள் வீட்டுக் கணக்கிலும் அப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்தப் பெரிய சாமானை 8 அல்லது 9ஆம் தேதிக்கு மாற்றிப் பாருங்கள். செலவு குறையாமல் போகலாம், ஆனால் கடைசி வாரத்தில் கையில் எவ்வளவு மிச்சம் என்பது முன்னாலேயே தெரியும். (சம்பள நாள் 29, 30, 31 என்று இருப்பவர்கள் இந்தத் தொடக்கத் தேதியைப் பயன்படுத்த வேண்டாம். பிப்ரவரியில் EDATE 28-க்கு இறங்கிவிடும், அங்கிருந்து G1, H1 எல்லாம் 28 ஆகவே தொடரும்.)

கடையில் 555 புத்தகத்தில் எழுதி வாங்கும் பழக்கம் இருந்தால் கடைசியாக ஒன்றை முடிவு செய்ய வேண்டும். சாமான் எடுத்த நாளை எழுதுவதா, 7ஆம் தேதி கடனை அடைத்த நாளை எழுதுவதா? வரம்பு வைத்துக் கட்டுப்படுத்த நினைக்கிற உங்களுக்கு, எடுத்த நாளும் எடுத்த தொகையும்தான் வேண்டும். அப்படியானால் 7ஆம் தேதி கடைக்காரருக்குக் கொடுக்கும் 180 வெள்ளியைச் சாமான் வகையில் எழுதவே கூடாது, எழுதினால் ஒரே அரிசிக்கு இரண்டு தடவை செலவு காட்டும். அதை "கடை பாக்கி" என்று தனி வகையாக எழுதுங்கள், E பத்திப் பட்டியலில் வரம்பு வைக்கும் வகைகளுக்குக் கீழே தனியாக நிற்கட்டும். மாதத்தின் மொத்தச் செலவைப் பார்க்கும்போது அந்த வரியைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.