இணைச்சீர் ஆல்பம் யார் கணக்கில்?

"திருப்பூர் பனியன் கம்பெனியில் சம்பளத்துக்கு இருக்கிறேன். லீவு நாளில் விசேஷங்களுக்குப் போட்டோ எடுப்பேன். அக்டோபர் 20-ல் 2,40,000 ரூபாய்க்குக் கேமரா வாங்கி, மார்ச்சுக்குள் 20 விசேஷம் எடுத்துவிட்டேன். சொந்தக்காரங்களிடம் காசு வாங்க மாட்டேன், மற்ற 8 பேர் தலா 15,000 தந்தார்கள். ஆல்பம் ஒன்றுக்கு 4,000 செலவு. ஆக 2 லட்சம் நஷ்டம். இதைச் சம்பளத்தில் கழித்து வரி குறைக்கலாமா?"

தம்பி, 'சொந்தக்காரங்களிடம் காசு வாங்க மாட்டேன்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கணக்கு கவிழ்வதே அங்கேதான்.

பொழுதுபோக்கா தொழிலா என்று பார்க்கும்போது, லாபம் தேடித்தான் செய்தீர்களா, தொடர்ந்து ஒழுங்காகச் செய்தீர்களா, ரேட் பேசி பில் போட்டீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். நஷ்டம் வந்ததாலேயே அது தொழில் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் 12 வீட்டில் காசே வேண்டாம் என்று எடுத்தது எந்த லாபத்துக்காக? மாமன் மகன் கல்யாணத்தில் இணைச்சீரைப் படம் பிடித்து ஆல்பமும் போட்டுக் கொடுத்தீர்கள் என்றால், அது நீங்கள் வைத்த மொய். வைக்க வேண்டியதுதான், அதற்கும் காசு கேட்டிருந்தால் நானே திட்டியிருப்பேன். ஆனால் மொய்யை நீங்கள் வைத்துவிட்டு, பாதியை அரசாங்கம் தரட்டும் என்பது என்ன நியாயம்?

செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே ஆகியிருந்தால்தான் கழிக்கலாம். அதனால் 20 ஆல்பத்தில் 8 மட்டும் கணக்கில் வரும், 32,000.

கேமரா பல வருடம் உழைக்கும் சாமான், விலையை ஒரே வருடத்தில் கழிக்க முடியாது. தேய்மானம் 15 சதவீதம். அதிலும் வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான். அக்டோபர் 20-ல் வாங்கியதால் உங்களுக்கு 7.5 சதவீதம், அதாவது 18,000. அதுவும் முழுசாகக் கிடைக்காது. சொந்த உபயோகமும் தொழிலும் கலந்த சாமானுக்கு நியாயமான பங்கைத்தான் விடுவார்கள். 20-க்கு 8 என்று பிரித்தால் 7,200.

இப்போது கூட்டிப் பாருங்கள். வரவு 1,20,000. அதில் 32,000-மும் 7,200-மும் போக மிச்சம் 80,800. உங்களுக்கு நஷ்டமே இல்லை, லாபம்!

நிஜமாகவே நஷ்டம் வந்திருந்தாலும் தொழில் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால் 8 வருடம் வரை அடுத்த தொழில் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அந்த 80,800-ஐ ஒளிக்காமல் காட்டுங்கள். சம்பளக்காரர்கள் போடும் ITR-1 இனி உங்களுக்கு ஆகாது, ITR-3 பார்க்க வேண்டும். காசு வாங்கிய எட்டுக்கும் பில் புத்தகம், தனி பேங்க் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அடுத்த முகூர்த்தத்தில் பங்காளி கூப்பிட்டால் அந்தப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.