கிராஃபீனில் எலக்ட்ரானின் நிறை எங்கே போகிறது?

கே: சார், கார்பன் லேசான அணு. அதனால்தான் எலக்ட்ரானும் நிறை இல்லாதது மாதிரி ஓடுகிறதா?

வைரமும் கார்பன்தான், அங்கே அப்படி நடப்பதில்லையே. விஷயம் அணுவில் இல்லை, அணுக்களை அடுக்கிய விதத்தில் இருக்கிறது. கிராஃபீன் ஒரே அணு தடிமனுள்ள கார்பன் தாள்; அதன் தேன்கூட்டு வலையில் இரண்டு வகை இடங்கள் உண்டு. ஒரு வகைக்கு அக்கம்பக்கம் மூன்றும் மற்ற வகை. எலக்ட்ரான் அந்த மூன்றுக்கும் தாவும்போது ஒவ்வொரு தாவலும் ஒரு அலைக்கட்டத்தோடு வருகிறது. K என்ற உந்தப் புள்ளியில் அவை 0, 120, 240 பாகை. ஒரு வளையத்தை மூன்று பேர் மூன்று பக்கம் சமமாக இழுத்தால் என்ன ஆகும்? வளையம் அசையாது. கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். அதனால் எலக்ட்ரானுக்கான ஆற்றல்களின் மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. K-யைவிட்டு எவ்வளவு விலகுகிறோமோ அதே விகிதத்தில் சமநிலை குலைகிறது: விலகல் இரட்டித்தால் ஆற்றலும் இரட்டிக்கும், நான்கு மடங்காகாது. நிறையில்லாத ஒளித்துகளுக்கும் இதே கணக்குதான். வாலஸ் 1947-லேயே இதைப் போட்டுவிட்டார், கிராஃபைட்டைப் புரிந்துகொள்வதற்காக.

கே: அப்போ ஒளியின் வேகத்தில் போகுமா?

இல்லை. தாவல் வலிமை t சுமார் 2.8 எலக்ட்ரான்வோல்ட், அணு இடைவெளி a 0.142 நானோமீட்டர். `v = 3ta/(2ħ)` போட்டால் நொடிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வரும், ஒளியில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கு. ஆற்றலைக் கூட்டினாலும் இந்த வேகம் கூடாது. ஒளியோடு ஒப்பிடுவது அதற்காகத்தான்.

கே: ஆய்வுக் கட்டுரையில் நிறை 0.02 என்று போட்டிருக்கிறார்களே! யார் பொய் சொல்கிறார்கள்?

யாரும் இல்லை. காந்தப்புலத்தில் சுற்றும்போது அளக்கும் நிறை அது, உந்தத்தை வேகத்தால் வகுத்தது. சதுர செ.மீ.க்கு 10¹² எலக்ட்ரான் இருந்தால் `k = √(πn)`. அதிலிருந்து சாதாரண எலக்ட்ரானின் நிறையில் 0.02 பங்கு கிடைக்கும். எண்ணிக்கையை நான்கு மடங்காக்குங்கள், 0.04 ஆகிவிடும். வழக்கமான குறைகடத்தியில் இது அநேகமாக மாறாது. 2005-இல் மான்செஸ்டர், கொலம்பியா குழுக்கள் பிடித்த தடயம் இந்த வர்க்கமூலம்தான்.

கே: என் சாம்பிளில் மின்தடை உச்சம் கேட் +25 வோல்ட்டில் வருகிறது. பட்டைகள் ஒட்டும் இடமே நகர்ந்துவிட்டதா அண்ணா?

பட்டை அப்படியே இருக்கும், நிரப்பு மட்டம்தான் இறங்கியிருக்கிறது. ஈரமோ ரெசிஸ்ட் எச்சமோ எலக்ட்ரானைப் பிடுங்கியிருக்கும். 300 நானோமீட்டர் ஆக்ஸைடு என்றால் சதுர செ.மீ.க்குச் சுமார் 1.8×10¹² துளைகள், அதாவது எலக்ட்ரான் போன காலியிடங்கள். வெற்றிடத்தில் சூடாக்கி மறுபடி அளந்து பாருங்கள். உச்சம் பூஜ்ய வோல்ட்டுக்கு வந்தும் அகலமாகவே இருந்தால், இடத்துக்கு இடம் மட்டம் மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்று அர்த்தம்.

கே: K-க்கு மிக அருகிலும் அது நேர்கோடுதானா? வளைகிறது என்று படித்தேன்.

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 2011-இல் அந்தரத்தில் தொங்கவிட்ட தாளில் அளந்தபோது அருகே போகப் போக வேகம் கூடியது, ஏறக்குறைய மூன்று மடங்கு வரை. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதன் விளைவு. மேலே நான் போட்ட கணக்கில் அந்தத் தள்ளல் இல்லை. இன்னும் உள்ளே போனால் அந்த மேடுபள்ளங்கள் அளவீட்டை மறைத்துவிடும்.