காசு வாங்கிக்கொண்டு பவர் பேங்க் பற்றிப் பேசினால், கேப்ஷனில் அதை எங்கே சொல்வது?

ஆறு வருடமாக கிரியேட்டர்களின் கேப்ஷனைப் போஸ்ட் போகும் முன் படித்துத் திருத்துவதுதான் என் வேலை. சார்ஜர், கவர், பவர் பேங்க் மாதிரியான சாமான்கள்தான் அதிகம் வரும். கேட்கச் சொன்னதில் வந்த கேள்விகள் இவை.

அக்கா, பவர் பேங்க் ரீல் ஒன்று போடுகிறேன். கேப்ஷன் கடைசியில் #ad இருக்கிறது. போதும்தானே?

கேப்ஷனை வாங்கிப் பார்த்தேன். "மூணு நாள் பயணம், சார்ஜரே எடுத்துட்டுப் போகல!" என்று ஆரம்பம். அப்புறம் ஐந்து வரிக் கதை. அதற்குக் கீழே பதினெட்டு ஹேஷ்டேக், அதில் பன்னிரண்டாவதுதான் உங்கள் #ad. ரீல் ஓடும்போது கேப்ஷனில் ஒரு வரிதான் கண்ணில் படும், மற்றதெல்லாம் more-க்குப் பின்னால் போய்விடும். தமிழ் எழுத்து அகலமானது, ஆகவே அந்த ஒரு வரியில் நாலைந்து சொல் நின்றாலே அதிர்ஷ்டம். பார்ப்பவருக்குத் தெரிவது உங்கள் பயணக் கதை மட்டும்.

இப்படி மாற்றித் தந்தேன்: "விளம்பரம். இந்தப் பவர் பேங்க் பற்றிப் பேச நிறுவனம் எனக்குப் பணம் தந்தது. மூணு நாள் பயணம், சார்ஜரே எடுத்துட்டுப் போகல!" முதல் சொல்லே வேலையை முடித்துவிடுகிறது. வரி எங்கே வெட்டுப்பட்டாலும் கவலையில்லை. போஸ்ட் பண்ணும் முன் உங்களுடையதை விடச் சின்னத் திரையுள்ள ஒரு போனில் திறந்து பாருங்கள். more தொடாமலே "விளம்பரம்" தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

போட்ட பிறகு திருத்தலாம்தான். ஆனால் முதல் நாள் பார்த்துவிட்டுப் போனவர் திரும்பி வந்து படிக்கப்போவதில்லை.

"Paid partnership" லேபிளை ஆன் பண்ணிவிட்டால் கேப்ஷனில் எதுவும் எழுத வேண்டாம் என்கிறார் என் மேனேஜர். சரியா மேடம்?

பாதி சரி. லேபிள் கட்டாயம் வேண்டும், காசு வாங்கிய போஸ்டுக்கு அதைப் போடச் சொல்வது இன்ஸ்டாகிராமின் சொந்த விதி. Add paid partnership label என்பதைத் தொட்டு நிறுவனத்தின் கணக்கைச் சேர்த்தால் போதும். ஆனால் அது உங்கள் பெயரை ஒட்டிச் சின்ன எழுத்தில் வருவது. பார்ப்பவரின் கண் வீடியோவில் இருக்கும். தளம் தரும் லேபிளை மட்டும் நம்பியிருக்காதீர்கள் என்று அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் காக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி வெளிப்படையாகவே சொல்கிறது.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. அதே வீடியோவை யாராவது இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் லேபிளும் வராது, கேப்ஷனும் வராது. அதனால் வீடியோவின் மேலேயே "விளம்பரம்" என்ற சொல் நிற்க வேண்டும். முடிந்தால் வாயாலும் சொல்லிவிடுங்கள்.

நான் கொலாப் போஸ்டாகப் போடுகிறேன். பிராண்டின் பெயரும் என் பெயரும் சேர்ந்தே தெரிகிறதே?

இரண்டு நண்பர்கள் சேர்ந்து போட்டாலும் அப்படித்தான் தெரியும். பணம் கைமாறியது அதில் எங்கே இருக்கிறது? லேபிள் தனி, கொலாப் தனி.

நானும் கேப்ஷன் எழுதுபவன்தான். இந்தியாவில் விளம்பரத் துறை தன்னைத் தானே ஒழுங்குபடுத்த வைத்திருக்கும் ஏஎஸ்சிஐ என்ற அமைப்பு 2021-இல் தந்த வழிகாட்டுதலில், 15 நொடிக்குள் முடியும் வீடியோவில் லேபிள் குறைந்தது 3 நொடி நிற்க வேண்டும், அதைவிட நீண்டு 2 நிமிடம் வரை போனால் மூன்றில் ஒரு பங்கு நேரம் என்று இருக்கிறது. நான் கேட்பது மொழி பற்றி: தமிழ் வீடியோவுக்கு #ad போதுமா?

கணக்கு சரியாகச் சொன்னீர்கள். 45 நொடி ரீல் என்றால் 15 நொடி. நான் முழு நேரமும் விட்டுவைக்கச் சொல்வேன், அளந்து வெட்டுவதில் என்ன மிச்சம்?

மொழி விஷயத்தில் ஏஎஸ்சிஐ வழிகாட்டுதலுக்கு #ad ஒத்துவரலாம். ஆனால் நீங்கள் முழுக்கத் தமிழில் பேசி, உங்களைப் பார்ப்பவர்களும் தமிழ்தான் படிப்பார்கள் என்றால், காசு வாங்கிய ஒரு விஷயத்துக்கு மட்டும் ஏன் திடீரென்று ஆங்கிலம்? "விளம்பரம்" என்ற சொல்லைப் புரியாதவர் இல்லை. #sp, #ambassador, "நன்றி" போட்டு பிராண்டை டேக் செய்வது, இதெல்லாம் மறைக்கப் பார்க்கிற வேலை.

காசே வாங்கவில்லை அக்கா. பவர் பேங்கை இலவசமாக அனுப்பினார்கள், அவ்வளவுதான். கீழே லிங்க் மட்டும் இருக்கிறது.

இலவசமாக வந்ததும் கூலிதான், சொல்ல வேண்டும். ஆனால் நடந்ததைச் சொல்லுங்கள்: "இதை நிறுவனம் இலவசமாக அனுப்பியது." பணம் வாங்காத இடத்தில் பணம் வாங்கினேன் என்று எழுதத் தேவையில்லை. அந்த லிங்க்கில் கமிஷன் வருகிறதா? வருகிறது என்றால் அது இரண்டாவது உறவு: "இந்த லிங்க்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்" என்பது லிங்க் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

மேடம், ஒரு ரீல் பார்த்து வாங்கிய பவர் பேங்க் இரண்டே மாதத்தில் உப்பிவிட்டது. எங்கே மாற்றிக்கொள்வது?

கேள்வி வேறு இடத்துக்கு வந்துவிட்டது, பரவாயில்லை. முதலில் அதைச் சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள். எரியக்கூடிய பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, விற்றவரிடம் பேசுங்கள்.

அந்த ரீலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். விளம்பரம் என்று சொன்னாரா, என்ன வாக்குறுதி தந்தார் என்று பாருங்கள். கிரியேட்டர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு: "விளம்பரம்" என்று எழுதிவிட்டால் பொய் சொல்ல அனுமதி கிடைத்துவிடாது. 20000 mAh என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 74 வாட்-மணி. மின்னழுத்தம் மாறும்போது கொஞ்சம் வீணாகும். 5000 mAh போனை நான்கு தடவை நிரப்பும் என்று நிறுவனம் எழுதித் தந்தால் அப்படியே ஒட்டாதீர்கள், மூன்று தடவை வந்தாலே நல்ல சாமான்.

ஒப்பந்தத்தில் "விளம்பரம் என்ற சொல் முதல் வரியில் வரக்கூடாது" என்று போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எனக்கும் ஒரு தடவை இது நேர்ந்தது. முதல் வரியை எடுத்தால்தான் மிச்சப் பணம் என்றது ஒரு கேபிள் நிறுவனம். நான் வாதாடவில்லை. "முதல் வரியிலிருந்து எடுக்கச் சொல்கிறீர்கள் என்பதை இந்த மெயிலிலேயே உறுதி செய்யுங்கள்" என்று மட்டும் எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் "பழையபடியே இருக்கட்டும்" என்று வந்தது. எல்லோரும் இப்படி இறங்கி வருவார்கள் என்று சொல்ல மாட்டேன். இறங்காவிட்டால் அந்த வேலையை விடுவேன். மாட்டிக்கொண்டால் பெயர் கெடுவது உங்களுடையதுதான்.

போன வருடம் ஒரு பிராண்ட் காசு தந்தது. இப்போது அதே பிராண்டின் கேபிளை என் காசில் வாங்கி, வேறொரு வீடியோவில் தற்செயலாகத் தெரிகிறது. சொல்ல வேண்டுமா?

இதில் என் கூட வேலை செய்பவர்களுக்குள்ளேயே சண்டை. மேசையில் சும்மா கிடந்தால் வேண்டாம் என்கிறார் ஒருவர். எடுத்துக் காட்டி "நல்லா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் வேண்டும் என்கிறேன் நான்: "போன வருடம் இவர்களிடம் பணம் வாங்கியிருக்கிறேன், இந்தக் கேபிள் நானே வாங்கியது." எத்தனை மாதம் கழிந்தால் பழைய உறவு தீர்ந்தது என்று கணக்கு வைப்பது? ஒரு வருடம் எனக்குப் போதாது, அவருக்கு ஆறு மாதமே அதிகம்.