கொய்யாவில் பழ ஈ: பொறி நிறைந்தால் மருந்தடிக்க வேண்டுமா?

"அய்யா வணக்கமுங்க. தாராபுரம் பக்கம் 2 ஏக்கர் கொய்யா. பழ ஈக்கு 4 பொறி கட்டியிருக்கேன். முதல் வாரம் 84 ஈ, அடுத்த வாரம் 112, போன வாரம் 308. அதுல 220 ஈ கிழக்கு வேலியோரப் பொறியில மட்டும், அந்தப் பக்கம் மாந்தோப்பு, இப்பத்தான் அறுப்பு முடிஞ்சுது. தோட்டம் முழுக்க உடனே அடிக்கணும்னு கடைக்காரர் சொல்றார். எந்த மருந்து அடிக்கலாமுங்க?"

தம்பி, பொறிவாரியாக எண்ணி வைத்ததால் தப்பித்தீர்கள். வேலியோரப் பொறியை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றையும் பாருங்கள்: 88 ஈ, 7 நாள், அதாவது ஒரு பொறிக்கு நாளொன்றுக்கு சுமார் 4. முந்தின வாரத்து 112ஐ நாலு பொறிக்கும் ஏழு நாளுக்கும் வகுத்தாலும் அதே 4தான். உங்கள் தோட்டத்துக்குள் ஈ கூடவில்லை, மாந்தோப்பில் விழுந்து அழுகும் பழத்திலிருந்து கிளம்பியதுதான் வேலி தாண்டி வந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, பொறிக்குள் வைக்கும் மருந்துக் கட்டையில் இருப்பது மெத்தில் யூஜினால், அந்த வாசனைக்கு ஆண் ஈதான் வரும். காயைக் குத்தி முட்டை வைப்பது பெண் ஈ. அதனால் பொறியின் எண்ணிக்கையை வைத்து எப்போது காயைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம், எவ்வளவு சேதம் என்று தெரியாது. நாளைக்கே வேலியோர வரிசையில் 20, நடுத்தோட்டத்தில் 20 என்று பச்சை வெளுக்கும் பதத்துக் காய்களைப் பறித்து, ஊசி குத்தினாற்போல் கறுத்த புள்ளி இருக்கும் இடத்தில் தோலை மெல்லச் சீவிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, மெல்லிய குச்சி போல முட்டைகள் தெரியும்.

வேலியோரத்தில் மட்டும் இருந்தால் பழுத்ததை முதலில் பறித்துவிட்டு, அந்த இரண்டு மூன்று வரிசைக்கு மட்டும் 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் வெல்லம், 20 மில்லி மாலத்தியான் 50 இசி கலந்து, காயில் படாமல் அடிமரத்திலும் இலையின் அடிப்புறத்திலும் திட்டுத்திட்டாகத் தெளியுங்கள். இனிப்பைத் தேடி பெண் ஈயும் வரும். தோட்டம் முழுக்க அடித்தாலும் காய்க்குள் இருக்கும் புழுவுக்கும் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவுக்கும் ஒன்றும் ஆகாது, காசு மட்டும் போகும். கடைக்காரர் பொறியையும் விற்று, அது நிறைந்ததைக் காட்டியே மருந்தையும் விற்கிறார், எனக்கு இதில் கோபம் உண்டு.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். வேலியோரப் பொறியில் மருந்துக் கட்டையைப் போன வாரம் மாற்றினீர்களா? புதுக் கட்டை போட்ட வாரம் ஈ எகிறத்தான் செய்யும், அப்படியானால் அந்த 220ஐ வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. வாசனை தீர்ந்த பழைய கட்டையோ இதற்கு நேர்மாறு. ஈ விழாததைப் பார்த்து பூச்சி அடங்கிவிட்டது என்று நிம்மதியாக இருப்போம், காய் உள்ளே சொத்தையாகிக்கொண்டிருக்கும். நாலு கட்டையையும் ஒரே நாளில் மாற்றுங்கள், தேதியைப் பொறியின் மேலேயே எழுதுங்கள், ஒன்றரை மாதத்துக்கு மேல் விடாதீர்கள். கடையில் பூச்சிமருந்து டப்பாவோடு மாதக்கணக்கில் திறந்து கிடக்கும் கட்டையை வாங்கவே வாங்காதீர்கள். கட்டையைத் தொட்ட கையால் பொறியின் வெளிப்புறத்தையும் தொடாதீர்கள், ஈ உள்ளே போகாமல் வெளியிலேயே மொய்க்கும், எண்ணிக்கை குறைத்துக் காட்டும்.

அப்புறம், மாந்தோப்புக்காரரைப் பார்த்துப் பேசுங்கள். விழுந்த பழத்தை இரண்டடி ஆழத்தில் புதைக்க ஒரு நாள் ஆள்கூலியை நீங்களே கொடுத்தாலும் மருந்துச் செலவை விடக் குறைவுதான்.